நூற்றுப் பதினைந்து நிமிடம்

காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். அவன் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே விழித்துக் கிடப்பான். எழுந்து கட்டிலில் தன் பக்கத்து விரிப்பை மட்டும் இழுத்துச் சரி செய்வான். மற்றப் பக்கம் கலைவதே இல்லை. பல் துலக்குவான். இரண்டு குவளைக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பான். தேநீர் போட்டு ஒரு குவளையை மேசையின் இந்த முனையில் வைப்பான், இன்னொன்றை அந்த முனையில். தன்னுடையதைக் குடித்து முடித்து, குவளையைக் கழுவி, தட்டுகள் காயும் கம்பித் தட்டில் கவிழ்ப்பான்.

ஆறரைக்கு மாமியார் தன் அறையிலிருந்து வருவாள். அந்த முனையில் இருக்கும் தேநீரை எடுத்துக் கழுவுதொட்டியில் கொட்டுவாள். பிறகு கம்பித் தட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும், அவன் கழுவியது, தான் நேற்று கழுவியது என்று பார்க்காமல், எடுத்துக் கொதிநீரில் மறுபடி கழுவுவாள். மூன்று முறை. அதன் பிறகுதான் தனக்குத் தேநீர் போட்டுக்கொள்வாள்.

ஒன்பது மாதமாக இப்படித்தான். கொட்டப்போகிற தேநீரை எதற்குப் போடுகிறாய் என்று அவனை யாரும் கேட்டதில்லை. 

மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மாமியார். மகள் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, போகிறேன் என்று சொல்ல அவளுக்கும் வரவில்லை. ஒரே கூரையின் கீழ் எலியும் பூனையுமாக இருந்திருந்தாலாவது ஒரு ஓட்டம் இருந்திருக்கும். இவர்கள் இரண்டு நாற்காலிகள் மாதிரி இருந்தார்கள். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாமியார் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "தண்ணி வரலை." "கேஸ் தீந்துடுச்சு." முன்பு மாப்ளே, மாப்ளே என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான்.

சுவரிடம் சொல்லாததைத் தொலைபேசியில் சொல்வாள். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாலும் கேட்கும். "ஆசைப்பட்டாளேன்னு ஓவன் அடுப்புல வெச்சு எடுத்தான். எலும்புகிட்ட ரத்தம் அப்படியே இருந்துச்சு. நான் பாத்தேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன். மூணாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் எம்பொண்ணு இல்ல. கடைசியா அவ வாயில வந்த சொல்லு என்ன தெரியுமா? கோழி. அவ்வளவுதான்."

கோழி. அவன் மனைவி ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு, இரண்டு சுற்றுக்கு நடுவில் பத்து நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்பது பெயருக்குக்கூட இல்லை. மருத்துவமனையில் கொடுத்த தாள் இன்னும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பச்சைக் காய்கறி கூடாது. அரைவேக்காட்டு முட்டை கூடாது. இறைச்சி முழுமையாக வெந்திருக்க வேண்டும். அந்த மூன்றாவது வரியின் கீழ் அவனே பேனாவால் கோடு போட்டிருந்தான். கோடு போட்ட கைதான் கோழியையும் வேக வைத்தது.

அது வெந்ததா, வேகவில்லையா? ஒன்பது மாதமாக அவன் தலைக்குள் ஓடுவது இந்த ஒரு கேள்விதான். வேகவில்லை என்றால் அவளைக் கொன்றது அவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. மனைவியின் அக்கா. வேறொரு மருத்துவமனையின் சமையலறைக்கு மேற்பார்வையாளர். முந்நூறு நோயாளிகளுக்கு மூன்று வேளையும் இவள் கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாடு வெளியே போகும். குரல் எப்போதும் ஐம்பது பேருக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். ஒரு கையில் ஐஸ் போட்ட பெட்டி, இன்னொரு கையில் கைப்பை.

"தம்பி, அடுப்ப சுத்தம் பண்ணி வெச்சிருக்கியா, இல்ல கரப்பான் குடித்தனம் நடத்துதா?"

"என்ன அக்கா?"

"கோழி." பெட்டியை மேசையில் டொக்கென்று வைத்தாள். "அதே கடை. அதே எடை. நேத்து சாயங்காலம் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் கொண்டாந்திருக்கேன். அன்னைக்கு நீ என்னென்ன செஞ்சியோ அதையே இன்னைக்கு அச்சு மாறாம செய்யப்போறே. நான் பக்கத்துல நின்னு அளக்கப்போறேன். அம்மா உக்காந்து பாக்கப்போறாங்க. எனக்குப் போன்ல கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"வேண்டாம் அக்கா."

"ஏன்? பயமா?"

பயம் இல்லை. அருவருப்பு. அன்றிலிருந்து அவன் கோழிக் கறியைத் தொடவில்லை. கடைத்தெருவில் அந்தக் கடை வரும்போது எதிர்ச்சாரிக்கு மாறிக்கொள்வான். 

மாமியார் அறை வாசலில் வந்து நின்றாள். "எதுக்குடி இதெல்லாம்? செத்தவ திரும்பி வரப்போறாளா?"

"இருக்கிறவங்க வாய மூடலாம்ல? உக்காருங்கம்மா."

மாமியார் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். பிளாஸ்டிக் பையை அவிழ்த்ததும் அந்த வாடை வந்தது. ரத்தமும் ஈர இறகும் பழைய தண்ணீரும் கலந்த வாடை. அவன் வாயில் எச்சில் ஊறியது. பசியில் ஊறுகிற எச்சில் இல்லை. பைக்குள் கோழி கால்களை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. தோல் முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளிகள். கழுத்து இருந்த இடத்தில் ஒரு தொங்கல். எலும்புச் சந்தில் இறகுக் குருத்து ஒன்று மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரன் கல்லீரலையும் இரைப்பையையும் சின்னப் பையில் கட்டி வயிற்றுக்குள்ளேயே திணித்திருந்தான். "எடு, தம்பி" என்றாள் அக்கா. அவன் கையை விட்டு எடுத்தான். உள்ளே சில்லென்று வழவழப்பாக இருந்தது. விரல் நகத்துக்குள் ஏதோ ஏறியது.

"மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கே? பிரசவமா பாக்குறே? அன்னைக்கு எவ்வளவு நேரம் வெச்சே?"

"நூத்திப் பதினஞ்சு நிமிஷம். நூத்தித் தொண்ணூறு டிகிரி."

"எந்தக் கணக்குல?"

அவன் போய் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தான். அவன் நில அளவையாளன். எதையும் எழுதி வைத்துத்தான் செய்வான். பக்கம் அப்படியே இருந்தது. கிலோவுக்கு நாற்பத்தைந்து நிமிடம், அதோடு மொத்தமாக இருபது நிமிடம். எடை 2.1 கிலோ. 94.5 + 20. பக்கத்தில் கடை ரசீது குத்தியிருந்தது.

அக்கா ரசீதைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து சின்னத் தராசை எடுத்துக் கோழியைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். ஒன்றரைக் கிலோ.

"தம்பி, ரசீதுல இருக்கிறது கோழி உசிரோட இருந்தப்ப அதோட எடை. இறகு, தலை, கால், குடல் எல்லாம் சேத்து. அவன் மொதல்ல எடை போட்டுட்டுத்தான் அறுப்பான்."

அவன் குனிந்து தராசின் எண்ணைப் பார்த்தான்.

"ஊரையே அளக்குறவன் ஒரு கோழிய அளக்கலையா நீ?"

"ரசீதுல இருந்துச்சு, அக்கா."

"ரசீதையா அடுப்புல வெச்சே?" அக்கா சிரித்துவிட்டாள். சிரித்தபடியே தாயின் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களாம்மா? ஒன்றரைக் கிலோக் கோழிக்கு எண்பத்தெட்டு நிமிஷம் போதும். உங்க மாப்ளே நூத்திப் பதினஞ்சு வெச்சிருக்கார். அது வேகாம இருந்திருக்காது, கருகியிருக்கணும்."

"கருகலையே" என்றாள் மாமியார் சுவரிடம். "வெள்ளவெளேர்னு இருந்துச்சு. தோலு பொணத்துத் தோலு மாதிரி. எனக்கு அப்பவே குமட்டுச்சு."

அது உண்மை. அவனுக்கும் நினைவிருந்தது. படத்தில் பார்த்த பொன்னிறம் வரவே இல்லை. வெளிறிப்போய்த்தான் வெளியே வந்தது. 

அக்காவின் சிரிப்பு நின்றது. "அப்ப அடுப்பப் பாக்கணும்" என்றாள்.

அந்த அடுப்பு கல்யாணத்துக்கு வந்த பரிசு. அதற்கு முன் யார் வீட்டிலோ பத்து வருடம் உழைத்தது. அவனும் மனைவியும் அதில் வாணலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா வாணலிகளை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே கம்பியில் வட்டமான ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டாள். குமிழை நூற்றுத் தொண்ணூறில் வைத்தாள். "அரை மணி நேரம் சூடாகட்டும். அதுக்குள்ள கோழிய ரெடி பண்ணு."

மாமியார் எழுந்து வந்தாள். பழக்கம் அவளை எழுப்பியது போலிருந்தது. கழுவுதொட்டியின் பக்கம் போய்க் குழாயில் கை வைத்தாள். "குடு. கழுவித் தரேன். கழுவாத கோழியவா வேக வைப்பீங்க?"

"ஐயோ, தொறக்காதீங்கம்மா!" அக்கா பாய்ந்து குழாயைப் பிடித்தாள். "பச்சைக் கோழியக் கழுவவே கூடாது. கிச்சன்ல நான் நாள் பூரா அடிச்சுக்கிட்டுச் சாகுற விஷயம் இது. அதுல இருக்கிற கிருமி கழுவினாப் போகாது, வெந்தாத்தான் சாகும். கழுவினா என்ன ஆகும்? தண்ணி தெறிக்கும். தொட்டி, குழாய், மேடை, பக்கத்துல கவுத்து வெச்சிருக்கிற கிளாஸு, எல்லாத்துமேலயும் போய் உக்காரும். காகிதத்தால ஒத்தி எடுத்தாப் போதும்."

மாமியாரின் கை குழாயில் அப்படியே இருந்தது. அவள் கண் மெதுவாகத் தொட்டியின் வலப்பக்கம் நகர்ந்தது. அங்கே கம்பித் தட்டு. அதில் கவிழ்த்த குவளைகள்.

அவனும் பார்த்தான்.

அன்றைக்குக் கோழியைக் கழுவியது மாமியார். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை; அவனுக்கு அதெல்லாம் தெரியாது. உப்புப் போட்டுத் தேய்த்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிக் கழுவினாள். மேடையெல்லாம் தண்ணீர். நீலக் கோடு போட்ட மனைவியின் குவளை அந்தக் கம்பித் தட்டில்தான் இருந்தது. கால் மணி நேரம் கழித்து அதில்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். நினைவு தானாக வந்து நின்றது, படத்தை மாட்டிய மாதிரி.

கொதிநீரில் மூன்று முறை. தினமும். தன் கை பட்டதால் கழுவுகிறாள் என்றுதான் அவன் இத்தனை நாள் எண்ணியிருந்தான். தன்னைப் பார்த்தால் அவளுக்கு அருவருப்பு என்று. அப்படியில்லை. எங்கேயோ, எதிலோ, யாரோ சொல்லி, அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. அல்லது தெரிய ஆரம்பித்திருக்கிறது.

மாமியார் குழாயிலிருந்து கையை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் கோழியைக் காகிதத்தால் ஒத்தினான். காகிதம் இளஞ்சிவப்பாக ஊறியது. வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் தடவினான். வயிற்றுக்குள் அரை எலுமிச்சையும் நாலு பல் பூண்டும் போட்டான். கொழகொழவென்று வெண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. கால்களை நூலால் கட்டும்போது முட்டி வழுக்கி வழுக்கி விலகியது, கூச்சப்படுகிற மாதிரி.   கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். பலகையையும் கத்தியையும் அக்கா தானே கழுவிக் காயவைத்தாள்.

அரை மணியில் அக்கா அடுப்புக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். "நூத்தித் தொண்ணூறுல வெச்சா நூத்தி அறுபதுதான் காட்டுது. முப்பது டிகிரி ஏமாத்துது." கதவின் ரப்பரை விரலால் தடவினாள். ஒரு முனையில் அது வெடித்துப் பிய்ந்திருந்தது. "இதோ, சூடெல்லாம் இந்த வழியாப் போகுது. அதான் தோலு வெளுத்துப்போச்சு."

"பாத்தியா!" மாமியார் நிமிர்ந்தாள். ஒன்பது மாதத்தில் முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வெளிச்சம் இருந்தது. அவன் குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பது அவனுக்குச் சட்டென்று விளங்கியது. "நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?"

அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. நீங்கதானே கழுவினீங்க. அது நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதன் ருசி அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று அவனுக்குத் தன் மேலேயே குமட்டிக்கொண்டு வந்தது. நகத்துக்குள் ஏறியிருந்ததைவிட இது அழுக்காக இருந்தது.

"சத்தம் போடாதீங்கம்மா. இன்னும் ஒண்ணும் தெரியல" என்றாள் அக்கா. தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நேரம் பதினொன்று ஐந்து.

ஒரு கோழி வேகிற நேரத்தில் மூன்று பேர் பேசாமல் இருப்பது சுலபமில்லை. அக்கா ஏதேதோ பேசிப் பார்த்தாள். அவள் சமையலறையில் ஒருத்தன் முட்டையை எண்ணத் தெரியாமல் நாலு நாள் அழுததைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வெண்ணெய் உருகும் வாசனை வந்தது, பிறகு தோல் வேகும் வாசனை. கீழ்வீட்டுக்காரர்களுக்கு அது பசியைக் கிளப்பியிருக்கும். அவனுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

எல்லாம் முடிந்து, எல்லாரும் போன பிறகு, அவன் குளிர்பெட்டியைத் திறந்த நாள். அடித்தட்டில் மூடி போட்ட பாத்திரம். மூடியைத் திறந்தான். மிச்சக் கோழி. பன்னிரண்டு நாள். பச்சையும் சாம்பலுமாக ஒரு படலம், அதன் கீழ் கொழகொழப்பு, அதன் கீழ் அவள் பாதி கடித்து வைத்த கால். பல் பட்ட இடம் தெரிந்தது. அவன் பாத்திரத்தோடு குப்பையில் போட்டான். பிறகு குளியலறையில் போய் வாந்தி எடுத்தான். அதன் பிறகு அழுதிருக்கலாம். அழவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான்.

"எண்பத்தெட்டு" என்றாள் அக்கா. பன்னிரண்டு முப்பத்துமூன்று.

கைப்பையிலிருந்து ஊசி போல் முனையுள்ள வெப்பமானியை எடுத்தாள். தட்டைப் பாதி வெளியே இழுத்து, தொடையின் தடித்த இடத்தில் பக்கவாட்டில் குத்தினாள். "எலும்புல படக்கூடாது, தம்பி. பட்டா எலும்போட சூட்டைச் சொல்லும், கறியோடதச் சொல்லாது. எலும்பத் தொட்டா ரெண்டு மில்லிமீட்டர் பின்னால இழு." எண் ஏறியது. ஐம்பத்தெட்டு. அறுபத்து நாலு. அறுபத்தெட்டு. நின்றது.

"எவ்வளவு வரணும்?" என்றான் அவன்.

"எழுபத்து நாலு. அதுக்குக் கீழ ஒரு டிகிரின்னாலும் என் கிச்சன்லேர்ந்து அது வெளிய போகாது."

குத்திய துளையிலிருந்து சாறு கசிந்தது. இளஞ்சிவப்பு. மாமியார் எழுந்து பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "ரத்தம்" என்றாள் மெதுவாக. அவள் குரலில் இப்போது வெளிச்சம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

அவன் கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அறுபத்தெட்டு. சரியான கணக்குப் போட்டிருந்தால் அன்று இந்த நிமிடத்தில்தான் வெளியே எடுத்திருப்பான். இந்தச் சிவப்புச் சாற்றை அவள் தட்டில் வைத்திருப்பான்.

அக்கா வெப்பமானியின் முனையைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். தட்டை உள்ளே தள்ளினாள். "ஆனா நீ சரியான கணக்குப் போடலையே" என்றாள். "இன்னும் இருபத்தேழு நிமிஷம் இருக்கு."

அந்த இருபத்தேழு நிமிடத்தை அவன் நின்றுகொண்டே கழித்தான். கண்ணாடிக்கு அப்பால் கோழி கொழுப்பில் மினுங்கிக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் தட்டில் சீறியது. ஒரு மணி.

"எடு."

அவன் எடுத்தான். தோல் வெளிறித்தான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் லேசாக மஞ்சள் பிடித்திருந்தது. மாமியார் சொன்னது சரிதான், பிணத்துத் தோல். அக்கா தொடையில் குத்தினாள். எழுபது. எழுபத்தைந்து. எழுபத்தொன்பது. மறு தொடை, எழுபத்தெட்டு. நெஞ்சுக்கறியின் நடுவில், எழுபத்தாறு. ஒவ்வொரு எண்ணையும் அவள் சத்தமாகச் சொன்னாள், ஏலம் விடுகிற மாதிரி. காலைப் பிடித்து அசைத்தாள். மூட்டு தளர்ந்து தானாக ஆடியது. குத்திய இடத்தில் சாறு வந்தது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"வெந்தாச்சு" என்றாள். "தப்பான எடை, தப்பான அடுப்பு. ரெண்டு கோணலும் ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்து நிமிந்து நின்னிருக்கு. உன் அதிர்ஷ்டத்த என்னன்னு சொல்றது, தம்பி!"

"ரத்தம் இருந்துச்சு" என்றாள் மாமியார். "எலும்புகிட்ட. நான் பாத்தேன்."

"இருங்க. கால் மணி நேரம் அப்படியே விட்டுட்டு வெட்டுவோம். அன்னைக்கும் விட்டியா?"

"விட்டேன்."

கால் மணி கழித்து அவன் காலைப் பிரித்தான். மூட்டு விலகியது. கறி வெள்ளையாக, நாராக வெந்திருந்தது. ஆனால் எலும்பை ஒட்டி, மூட்டின் குழியில், கருஞ்சிவப்பு. திட்டுத்திட்டாக. எலும்பே ஊதா நிறத்தில் இருந்தது. அதே சிவப்பு. அன்று மாமியார் "ரத்தம்!" என்று கத்திய அதே இடம். 

"இதானேம்மா?" என்றாள் அக்கா.

"இதேதான்."

அக்கா வெப்பமானியை அந்தச் சிவப்பின் பக்கத்திலேயே குத்தினாள். வெட்டி வைத்த பிறகும் எழுபத்தாறு காட்டியது. "இது ஆறு வாரக் கோழிம்மா. வளர்றதுக்குள்ள அறுத்துடுறாங்க. எலும்பு இன்னும் முத்தல. உள்ள இருக்கிற மஜ்ஜை வேகும்போது எலும்பு வழியாக் கசிஞ்சு சாயம் ஏறிடும். எவ்வளவு நேரம் வெச்சாலும் அந்தச் சிவப்பு போகாது. நிறத்த நம்பாதீங்கன்னு நான் வேலைக்குச் சேர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன். பெத்தவகிட்டச் சொல்லத் தோணல பாருங்க."

மாமியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.  கோழியின் கொழுப்பு தட்டில் உறைந்து வெள்ளைத் தோலாக மாறிக்கொண்டிருந்தது.

"டாக்டர் குடல்லேர்ந்து வந்த கிருமின்னு சொன்னாரே" என்றாள் கடைசியில்.

"குடல்னா நாம தின்னதுன்னு அர்த்தம் இல்லம்மா. நல்லா இருக்கிறவங்க குடல்லயே கோடிக்கணக்குல கிருமி இருக்கு. அந்த மருந்து குடலோட தோலையே அரிச்சுடும். உள்ள இருக்கிறது ரத்தத்துல இறங்கிடும். அதுவா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது."

"வேற எதுவாவும்" என்றாள் மாமியார்.

அக்காவுக்கு அப்போதுதான் ஏதோ தட்டுப்பட்டது. தாயைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். 

"நான்தான் கழுவினேன்" என்றாள் மாமியார். இந்த முறை சுவரிடம் சொல்லவில்லை. "குழாய முழுசாத் தொறந்துவிட்டுக் கழுவினேன். அவ கிளாஸு அங்கதான் இருந்துச்சு. அவ போன மறுவாரமே டிவில ஒரு பொம்பள சொன்னா, கழுவக்கூடாதுன்னு. அன்னைலேர்ந்து..." கம்பித் தட்டைக் கை காட்டினாள். கொதிநீர் பட்டு அவள் விரல்கள் சிவந்து தடித்திருந்ததை அவன் இப்போதுதான் பார்த்தான். தோல் உரிந்திருந்தது. "உன்மேல போட்டுட்டா என்மேல இருக்காதுன்னு நெனச்சேன், மாப்ளே."

மாப்ளே. அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவனுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எல்லாமே அருவருப்பாக இருந்தது. உறைந்த கொழுப்பு, ஊதா எலும்பு, அவள் உரிந்த விரல்கள், ஒன்பது மாதமாகக் கொட்டிப்போன தேநீர். ஆமாம் நீங்கதான் என்று சொன்னால் அவள் இந்த வீட்டைவிட்டு இன்றே போய்விடுவாள். அது அவனுக்குத் தெரியும். அந்தத் தராசு இப்போது அவன் கையில் இருந்தது.

"கடைசியாக் கோழின்னு சொன்னாளே" என்றாள் மாமியார். "நான் கதவுகிட்டதான் நின்னேன். அது மட்டும் காதுல விழுந்துச்சு. உன்னச் சொல்றான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவ என்னத்தான் சொல்லியிருக்கா. அப்படித்தானே? அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லு மாப்ளே. நீதான் பக்கத்துல இருந்தே."

"அத்தை" என்றான் அவன். அந்தச் சொல்லை அவன் கடைசியாக எப்போது சொன்னான் என்று நினைவில்லை. "அவ யாரையும் சொல்லல."

அக்கா வெப்பமானியை மேசையில் வைத்தாள்.

அவன் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கடைசிச் சொல் என்றால் அதில் ஏதாவது இருக்கவேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். இதில் ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் மூச்சுக் கருவியை மாட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆக்ஸிஜன் முகமூடியைத் தானே ஒதுக்கிவிட்டு அவனைக் கிட்டே வரச் சொன்னாள். அவன் குனிந்தான். அவள் மூக்கைச் சுளித்தாள், எப்போதும் அவன் எதையாவது மறந்தால் சுளிப்பாளே, அப்படி. அவள் கேட்டதற்கு அவன் "போட்டாச்சு" என்று பொய் சொன்னான். அவள் நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அதற்குள் நர்ஸ் முகமூடியை இழுத்து வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?" என்றாள் மாமியார்.

அவன் சொன்னான். அவள் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்.

"ஏங்க, அந்த மிச்சக் கோழியத் தூக்கிப் போட்டீங்களா, இல்லையா? ஃப்ரிட்ஜே நாறிப்போயிருக்கும்."